இருட்டறைக் குழாயின் சல்லடைமூடி

கன்னியாகுமரிப் பகுதி சென்னை இராச்சியத்தோடு சேரவிருந்த ஐப்பசியில், அழகியநம்பி மலையாளக் கரையில் பழவங்காடியிலிருந்த தம் புகைப்பட நிலையத்தைக் காலிசெய்து நாகர்கோயிலுக்குப் புறப்பட ஆயத்தமானார். படம் கழுவும் இருட்டறையில் இன்னும் கழற்றாமல் எஞ்சியிருந்தது, குழாய்மூக்கில் திருகியிருந்த பித்தளைச் சல்லடைமூடி ஒன்றே. கப்பலில் வேலைபார்த்த வாடிக்கையாளர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. காற்றைக் கலந்து, தண்ணீரைச் சிதறாத வெண்தாரையாக இறக்கும். எத்தனையோ மணப்பெண்களின் முகங்கள் அந்தத் தாரையின் கீழ்த்தான் கழுவப்பட்டன. படத்தாள்களைக் கழுவியவள் அவர் மனைவி வடிவாம்பாள். அந்த மூடி இல்லாமல் வண்டியில் ஏறுவதில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

கட்டட உரிமையாளர் ஸ்ரீகண்டன் வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி, கொண்டுபோறதுக்கு எனக்கு விரோதமில்லை. பட்சே, பைப்பு அச்சன் வச்சது. பொட்டிப் போச்சுண்ணா அம்மை என்னெ வீட்டிலெ கேற்றமாட்டா!" அப்பா பதித்த குழாய் உடைந்துவிடுமோ என்பது அவர் கவலை.

வாரந்தோறும் புளியிட்டுத் தேய்த்ததால் மூடியின் வெளிப்புறம் மின்னியது. மரைக்குள்ளோ கிணற்றுநீரின் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகியிருந்தது. அழகியநம்பி குறடால் பற்றி இழுத்துத் திருப்ப, மூடி அசையவில்லை. குழாய்தான் சுவரோடு அதிர்ந்தது.

"விடுங்கோ! பல்லைப் புடுங்குத மாதிரியா புடுங்குவாக?" என்றாள் வடிவாம்பாள். "அசிட்டிக் ஆசிட் மிச்சம் இருக்குல்லா?"

படம் அலம்ப வைத்திருந்த அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் எடுத்து, மூடி முழுதும் மூழ்குமாறு முக்காலியின்மேல் உயர்த்தி வைத்தார்கள். சிறு குமிழிகள் எழுந்தன. சுண்ணாம்பு கரைகிறது என்பதற்கு அதுவே சாட்சி. குமிழிகள் ஓய்ந்தபின் நல்ல தண்ணீரால் கழுவி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினார்கள். மூடி கீறாதபடி அழகியநம்பி அதற்குத் தோல்பட்டை சுற்றிக் குறடால் பற்றினார். குழாயை வடிவாம்பாள் இன்னொரு குறடால் அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

திசையில்தான் சிக்கல். மூடி கீழ்நோக்கியிருந்தது, மேலிருந்து பார்ப்பவர் வலப்புறமாகத் திருப்பினால்தான் கழலும். அழகியநம்பிக்கு அது தெரியும். ஆனால், கேமராவின் மங்கற்கண்ணாடியில் தலைகீழாகவும் இடவலம் மாறியும் விழும் உலகையே வாழ்நாள் முழுதும் மனத்தில் திருத்திப் பழகியவர். இங்கும் ஒருமுறை கூடுதலாகத் திருத்தி, இடப்புறமாகத் திருப்பிவிட்டார்.

நொறுக்கென்றது.

"அய்யோ, அச்சனே!" என்றார் ஸ்ரீகண்டன்.

"முறுக்கியில்லா வச்சிட்டிய!" என்றாள் வடிவாம்பாள்.

அழகியநம்பி விளக்கை உயர்த்திப் பார்த்தார். குழாயில் கீறல் இல்லை. மூடி மயிரிழை அளவு இறுகியிருந்தது. விளிம்பிலிருந்து வெள்ளைத் தூள் உதிர்ந்தது. உடைந்தது சுண்ணாம்பு. எதிர்த்திசையில் மெல்லத் திருப்பினார், நின்றார், சற்றே பின்வாங்கி மீண்டும் திருப்பினார். மூடி கரகரத்துக்கொண்டே கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

ஸ்ரீகண்டன் குழாயைத் திறந்தார். தண்ணீர் முரட்டுத்தனமாகக் கொட்டி மூவரையும் நனைத்தது. அந்த அறையில் மூடியில்லாக் குழாயின் இரைச்சலை யாரும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"நாகர்கோயில் குழாய்க்கு இது சேரணுமே, வடிவு?"

அவள் மூடியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"சேரலேன்னா குழாயெ மாத்துங்கோ."