இரண்டு போல்ட்

விடுதிச் சமையலறையின் பெரிய வாணலிக்குக் கைப்பிடி ஆட்டம் கண்டுவிட்டது. பாத்திரம் பழுதுபார்ப்பவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஓட்டை அகண்டுபோச்சு சார். பழைய ரிவெட் ஆணியை எடுத்துட்டு, தடிமனா புதுசு அடிக்கணும். சாயங்காலம் ஆயிடும்."

"அப்புறம் மத்தியானச் சமையலுக்கு என்ன பண்றது? ரெண்டு போல்ட்டைப் போட்டு முடுக்கிக் குடுங்க," என்றார் விடுதி மேலாளர்.

பழுதுபார்ப்பவருக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் முடுக்கிக் கொடுத்தார்.

பத்தாம் நாள் வாணலி வேறு, கைப்பிடி வேறாக வந்து சேர்ந்தது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி நட்டு கழன்றிருந்தது. இறக்கும்போது கொதிக்கிற எண்ணெய் சமையல்காரம்மாவின் இரண்டு கால்களிலும் கொட்டிவிட்டதாம்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று மேலாளரிடம் கேட்டார்.

"வேலையை விட்டு நிறுத்தியாச்சு. கவனமில்லாதவங்களை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

பழுதுபார்ப்பவர் வாணலியைக் கையில் எடுத்தார். ஓட்டைகளைச் சீராக்கி, தடித்த ரிவெட்டுகளை உள்ளிருந்து செருகினார். தலைப்பக்கத்தை இரும்புக் கட்டையில் தாங்கவைத்து, வெளிநுனி குடைபோல விரியும்வரை அடித்தார்.

மேலாளர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். அது இம்மியும் அசையவில்லை.

"இதை அன்னிக்கே செஞ்சிருக்கலாம்ல?"

"செஞ்சிருக்கலாம் சார்," என்றார். அன்று போல்ட்டை முடுக்கிய கை தன்னுடையது.