நான்கு மூட்டைக்கான கை

குமரேசன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் நிறுத்தினான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். குளித்தான். முந்தின நாள் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். செங்கம் ரோட்டில் வண்டியை நிறுத்தி நான்கு இட்லி சாப்பிட்டான். சட்னி வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டதற்குத் தலையாட்டினான். வேண்டும் என்றா வேண்டாம் என்றா என்று கடைக்காரருக்குப் புரியவில்லை, ஊற்றிவிட்டார். எட்டே முக்காலுக்குப் பாலிடெக்னிக் வாசலில் கைரேகை வைத்தான்.

அவன் மெக்கானிக்கலில் சீனியர் லெக்சரர். வயது முப்பத்துநான்கு. மனைவி பூஜா இறந்து ஆறு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு காலைகள் எல்லாம் இப்படித்தான், ஒன்றுக்கு இன்னொன்று நகல் எடுத்தது மாதிரி.

அன்றைக்கு அவனுக்கு இரண்டு வேலை. பதினொரு மணிக்கு மூன்றாம் ஆண்டு புராஜெக்ட் தேர்வு. வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அதற்கு முன்னால், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் போர்டில் ஒட்ட ஒரு குறிப்பு எழுத வேண்டும்.

குறிப்புக்குக் காரணம் மாதிரித் தேர்வு. இருபது மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பிக்குக் குறுக்குப் பரப்பு கேட்டிருந்தான். பதினேழு பேர் முந்நூற்றுப் பதினான்கு என்று எழுதியிருந்தார்கள். சரி. அதில் ஆறு பேர் பக்கத்தில் சதுர மீட்டர் என்று போட்டிருந்தார்கள். ஏறக்குறைய ஒன்றரை கிரவுண்ட். அந்தக் கம்பிக்குப் பட்டா வாங்கி வீடு கட்டி, முன்னால் கார் நிறுத்தவும் இடம் விடலாம்.

குமரேசன் பேப்பரை எடுத்து எழுதினான்.

“இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு. ஸ்ட்ரெஸ் கணக்கு எதுவானாலும், தொடங்கும் முன் யூனிட்டைப் பாருங்கள். கிலோ என்பது நிறை. விசை இல்லை. 9.81 ஆல் பெருக்கிய பிறகுதான் அது நியூட்டன். நீளத்தை மில்லிமீட்டரில் எடுத்தால் பரப்பும் சதுர மில்லிமீட்டரில்தான் வர வேண்டும். பாதி வழியில் மீட்டருக்குத் தாவக் கூடாது. நியூட்டனைச் சதுர மில்லிமீட்டரால் வகுத்தால் மெகாபாஸ்கல். யூனிட்டைக் கடைசி வரியில் பொட்டு வைப்பதுபோல் வைக்காதீர்கள். முதல் வரியிலிருந்து கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். சரியாகச் செய்த கணக்குக்கு ஓர் உதாரணம்:”

உதாரணத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. மேஜைமேலேயே தமிழ்செல்வியின் புராஜெக்ட் ரிப்போர்ட் இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பெண். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பில் முதல் ஆள். அவளும் தௌஹீத்தும் சேர்ந்து நெல் மூட்டை தூக்கும் கிரேன் செய்திருந்தார்கள். ஒரு தூண், அதன் தலையிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஒரு மீட்டர் இரும்புக் கை, கையின் நுனியில் சங்கிலி இழுத்துத் தூக்கும் செயின் பிளாக். ஒரே தூக்கில் நான்கு மூட்டை. மூட்டைக்கு எண்பது கிலோ.

பக்கத்தைப் புரட்டி, அப்படியே படியெடுத்தான். லோடு 320. நீளம் 1000 மில்லிமீட்டர். ஐம்பதுக்கு ஐம்பது சதுரக் குழாய், மூன்று மில்லிமீட்டர் தகடு. செக்‌ஷன் மாடுலஸ், அதாவது வளைவை எதிர்க்கும் அளவு, 8340 கன மில்லிமீட்டர். முந்நூற்றிருபதை ஆயிரத்தால் பெருக்கி 8340 ஆல் வகுத்தால் 38.4 மெகாபாஸ்கல். அனுமதித்த அளவு 140. டிசைன் பாதுகாப்பானது.

பேனா நின்றது.

முந்நூற்றிருபது என்ன?

கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அரை நிமிடம் முன்னால்தான் எழுதியிருந்தான். இங்கே முந்நூற்றிருபது யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடந்து வந்திருந்தது. அது கிலோ. கால்குலேட்டரை எடுத்து 9.81 ஆல் பெருக்கினான். மூவாயிரத்து நூற்று முப்பத்தொன்பது நியூட்டன். ஸ்ட்ரெஸ் 376. அந்த இரும்பு 250 தாண்டினாலே வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும்.

பக்கத்தின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று இருந்தது. அதன் கீழே அவன் கையெழுத்து. தேதி, கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம், பூஜா போன புதிது. அந்த நாட்களில் யார் என்ன தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போட்டான். கேன்டீன் பையன் பரோட்டா சுற்றிய தாளை நீட்டியிருந்தாலும் போட்டிருப்பான்.

மணி ஒன்பது ஐம்பது.

கடந்த வாரம் தமிழ்செல்வி ஸ்வீட் பாக்ஸோடு வந்து நின்றது நினைவுக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் வேலை. ஜூன் முதல் தேதி சேர வேண்டும். அரியர் ஒன்று இருந்தாலும் ஆர்டர் செல்லாது. தேர்வாளர் கண்ணெதிரே அந்தக் கை வளைந்தால் புராஜெக்ட் அரியர்தான். கீழே செயின் இழுப்பது தௌஹீத். அவன் தலை வேறு இருக்கிறது.

குமரேசன் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினான். ஆறு மாதத்தில் அவன் ஓடியது அதுதான் முதல் தடவை. அட்டெண்டர் எழுந்து வழிவிட்டார்.

கிரேன் மஞ்சள் பெயின்ட்டில் பளபளத்தது. தூணுக்குச் சந்தனம், குங்குமம். அடியில் எலுமிச்சம்பழம். கையின்மேல் சிவப்பில் பெரிதாக ‘4 மூட்டை’. கீழ்பென்னாத்தூரிலிருந்து வேனில் வந்த நான்கு நெல் மூட்டைகளும் கிரேனுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்தன. தௌஹீத் கொக்கியை மூட்டைகளின் கழுத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தான்.

“தௌஹீத், கழட்டு.”

“ட்ரையல் பார்க்கலாம்னு சார்...”

“கழட்டிட்டு வெளிய வாப்பா முதல்ல.”

வந்தான். குமரேசன் ரிப்போர்ட்டை விரித்து முந்நூற்றிருபதின் மேல் விரலை வைத்தான். தூணருகே நின்ற தமிழ்செல்வி வந்து பார்த்தாள். முதலில் அவளுடைய உதடு அசைந்தது. பிறகு காது சிவந்தது.

“ஐயோ. கிலோ சார் அது.”

“ஆமா.”

“அப்போ முப்பத்தெட்டு இல்லையா?”

“முந்நூத்தி எழுபத்தாறு.”

“இன்னா சார் இது,” என்றான் தௌஹீத். “நூறு ரூபா சட்டைக்கு ஆயிரம்னு சொல்ற மாதிரி சொல்றீங்க.”

“கிட்டத்தட்ட பத்து மடங்கு. கணக்குல அதைத்தான் விட்டிருக்கோம்.”

தமிழ்செல்வி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். “போச்சு. ஜூன் ஒண்ணாந்தேதி போச்சு. ஊர் பூரா சொல்லிட்டு வந்திருக்கார் எங்கப்பா. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்டலாம் சொன்னார் சார்.”

“எழுந்திரும்மா. நாலு தூக்காது, அவ்ளோதான். எத்தனை தூக்கும்னு போடு.”

அவள் எழுந்து, தரையிலேயே சாக்பீஸால் போட ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் யூனிட்டை எழுதினாள், கோபமாக, சாக்பீஸ் உடைய உடைய. தௌஹீத் பேரம் பேசினான்.

“ரெண்டு மூட்டை?”

“நூத்தி எண்பத்தெட்டு.”

“வளையாதுல்ல?”

“வளையாது. ஆனா நூத்தி நாப்பதுதான் நாம ஒத்துக்கிட்டது.”

“சரி, ஒண்ணரை?”

அவள் போட்டாள். “நூத்தி நாப்பத்தொண்ணு.”

“ஒண்ணுதானே ஜாஸ்தி! சார், ஒரு மெகாபாஸ்கல் கூடக் கம்மி பண்ண மாட்டீங்களா?”

“செயின் பிளாக்கோட எடைய உங்கப்பா வந்து தாங்குவாரா?” என்றான் குமரேசன். சொன்ன பிறகுதான் கவனித்தான், தான் கிண்டல் செய்திருப்பதை. தௌஹீத்தும் கவனித்தான்.

“ஒண்ணு,” என்றாள் தமிழ்செல்வி. “தொண்ணூத்தி நாலு. பிளாக்கு பத்து கிலோ, அதையும் சேர்த்தா நூத்தி ஆறு. தாங்கும்.”

“மீதி மூணு மூட்டைய என்ன பண்றது?” என்று கேட்டான் தௌஹீத். “எலி கடிச்சிடுச்சு, கிழிஞ்சிடுச்சுனு சொல்லிடலாமா?”

“எங்கப்பா மூட்டைய எலி கடிச்சுதுன்னு சொன்னா, அப்புறம் உன்னை எங்கப்பா கடிப்பார்.”

“அப்போ செயின் பிளாக் ரிப்பேர்னு சொல்லு.”

தமிழ்செல்வி குமரேசனைப் பார்த்தாள். அவனுக்கும் அந்த ஆசை ஒரு கணம் வந்து போனது. அடியில் இருப்பது அவன் கையெழுத்து. தேர்வாளர் ராமதாஸ் ஊர் ஊராகப் போகிறவர். போகிற கல்லூரியிலெல்லாம் சொல்வார். அவன் சிவப்புப் பேனாவை எடுத்து 38.4 ஐ ஒரே கோடாக அடித்தான். கீழே சரியான கணக்கை எழுதினான். அன்றைய தேதி போட்டு மறுபடியும் கையெழுத்திட்டான்.

“நான் சொல்லிக்கிறேன்,” என்றான். “நீங்க பெயின்ட் டப்பாவ எடுங்க.”

ராமதாஸ் சரியாகப் பதினொன்றுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் ஆறு அங்குல எஃகு ஸ்கேல். டீயும் போண்டாவும் முடித்துவிட்டுக் கிரேனைச் சுற்றி ஒரு வலம் வந்தார். இரும்புக் கையில் எழுதியிருந்ததைத் தொட்டுப் பார்த்தார். விரலில் சிவப்பு ஒட்டியது.

“ஏம்மா, பெயின்ட் இன்னும் காயலையே?”

குமரேசன் வாயைத் திறந்தான். தமிழ்செல்வி முந்திக்கொண்டாள்.

“காலைல பத்து மணி வரைக்கும் நாலு மூட்டைங்க சார். அப்புறம் யூனிட் பார்த்தோம். ஒண்ணாயிடுச்சு.”

ராமதாஸ் சிரிக்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்கி, சிவப்பு மை இருந்த பக்கத்தில் வெகுநேரம் நின்றார். தௌஹீத் நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

“ஒரு மூட்டை தூக்கினா நுனி எவ்ளோ இறங்கும்?”

“ஆறு புள்ளி மூணு,” என்றாள் தமிழ்செல்வி.

“ஆறு புள்ளி மூணு என்ன? அடியா?”

“மில்லிமீட்டருங்க சார். மில்லிமீட்டர், மில்லிமீட்டர்.”

தௌஹீத் செயினை இழுத்தான். மூட்டை தரையைவிட்டு எழுந்து, மெல்லச் சுழன்று, ஆடாமல் நின்றது. இழுப்பதற்கு முன்னால் நுனிக்குப் பக்கத்தில் நிறுத்திய கட்டையில் ராமதாஸ் ஒரு கோடு போட்டிருந்தார். இப்போது இன்னொரு கோடு போட்டு, ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தார்.

“ஏழு.”

“தூணும் கொஞ்சம் சாயும் சார். அதை நான் கணக்குல சேர்க்கலை,” என்றாள் தமிழ்செல்வி.

ராமதாஸ் தலையாட்டினார். மார்க் ஷீட்டை மூட்டைமேல் வைத்து, பேனா மூடியைக் கழற்றினார்.

“இந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது யாரு?”

“எங்க சாருங்க.”

“ம். அதுக்கு முன்னாடி, கண்ணை மூடிக்கிட்டு இதுல கையெழுத்துப் போட்டது?”

அவர் எண்பத்திரண்டு போட்டார் என்பது சாயங்காலம் தெரிந்தது. தௌஹீத் கல்லூரி முழுக்கப் பரப்பிய கதையில், அந்தக் கேள்விக்குத் தமிழ்செல்வி ஒரு முழுச் சொற்பொழிவே ஆற்றினாள். அட்டெண்டர் சொன்ன கதையில் அவள் அழுதாள். ஸ்டாஃப் ரூமில், அவள் குமரேசனைக் காப்பாற்றினாள் என்றார்கள். இதில் எதுவும் நடக்கவில்லை. அவள் தொங்கிக்கொண்டிருந்த மூட்டையை ஒரு கையால் பிடித்து நிறுத்திவிட்டு, குமரேசனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

“அதுவும் சாருங்க. ஆனா கிலோவை விட்டது நானுங்க.”