சுவருக்குள் அடைப்பு

மூன்று மணிக்குச் சமூகநல அதிகாரி வீட்டைப் பார்க்க வருகிறார். எல்லாம் ஒழுங்காக இருந்தால்தான் டார்லாவின் பிள்ளைகள் வளர்ப்புக் குடும்பத்திலிருந்து திரும்புவார்கள். சமையலறைத் தொட்டியிலோ கறுப்புத் தண்ணீர் தேங்கி நாறியது.

தம்பி வெண்டல் வாளியை வைத்து, அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றினான். அதில் அடைப்பில்லை.

"பேக்கன் பன்னிக்கறி வறுத்த கொழுப்ப இதுலயா ஊத்தின, அக்கா?"

"கூடவே சுடுதண்ணியும் ஊத்தினேன்டா."

"அது சுவருக்குள்ள போனதும் ஆறிடும். அப்புறம் கொழுப்பு மெழுகுவத்திதான்."

அடைப்பெடுக்கும் சுருள்கம்பியைச் சுவர்க்குழாயில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினான். எங்கும் முட்டாமல் முழுக்க உள்ளே போனது. இழுத்துப் பார்த்தால் முனையில் கசடே இல்லை. சுவருக்குள் குழாய் பிரிகிறது. கீழ்க்கிளை சாக்கடைக்கு, மேல்கிளை காற்றுக்காகக் கூரைக்கு. கம்பி கூரைப்பக்கம் ஏறியிருந்தது.

"அவங்க வந்துருவாங்கடா," என்றாள் டார்லா.

வெண்டல் முனையைக் குறடால் வளைத்தான். மறுபடி உள்ளே விட்டு, பிரிவை நெருங்கியதும் வளைவு கீழ்நோக்கும்படி மெல்லத் திருப்பித் தள்ளினான். இரண்டு முறை மேலேயே ஏறியது. பிறகு இறங்கி, மெத்தென்று எதிலோ முட்டியது.

"குத்து, வெண்டல்."

"குத்துனா ஓட்டைதான் விழும், அக்கா. சுத்திச் சுத்திச் சிக்கவச்சு இழுக்கணும்."

நூடுல்ஸ் பின்னிய வெள்ளைக் கொழுப்புக் கட்டி வெளியே வந்தது. வளைகுழாயை மாட்டி முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

அதிகாரி நேராகச் சமையலறைக்கு வந்து தண்ணீர்க்குழாயைத் திறந்தார். தண்ணீர் விரலளவு தேங்கி நின்றது. டார்லா தொட்டியையே பார்த்தாள். தண்ணீர் சுழன்று இறங்கியது.

"பிள்ளைங்க ரூம் எது?" என்றார் அதிகாரி.