ஆவியாகாத நூறு மில்லி

புகழேந்தி சாரின் நோட்ஸில் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு தப்பு இருந்தது. சின்னத் தப்பு இல்லை, மலை மாதிரித் தப்பு.

தி.நகரில் அவருடைய டியூஷன் சென்டரில் வேலை கேட்டுப் போயிருந்தேன். நோட்ஸைக் கையில் திணித்து, "நாளைக்கு அஞ்சு மணிக்கு டெமோ கிளாஸ். உப்பு கரையறது, பக்கம் இருபத்து மூணு. நாப்பது நிமிஷம். நான் கடைசி பெஞ்சில உக்காந்திருப்பேன்," என்றார். படியிறங்கும்போதே பிரித்துப் படித்தேன். பாதிப் படியில் நின்றேன். திரும்ப மேலே ஏறினேன்.

"சார், இதுல படிகக்கூடு என்தால்பிக்கு மைனஸ் போட்டிருக்கு. கீழே ஃபார்முலாவுல அதை அப்படியே நீரேற்ற என்தால்பியோட கூட்டியிருக்கு."

"ஆமா. கூட்டணும்."

"கூட்டணும்னா ப்ளஸ்ல எழுதணும் சார். படிகத்தை உடைக்க ஆற்றல் நாமதான் குடுக்கணும். படிகம் உருவாகறப்போ வெளியே வர்றதுதான் மைனஸ். எண்ணை ஒரு புக்குல இருந்தும் ஃபார்முலாவை இன்னொரு புக்குல இருந்தும் எடுத்திருக்கீங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இந்த நோட்ஸ் பன்னண்டு வருஷமா ஓடுது. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. நீங்க நோட்ஸ்ல இருக்கறதை மட்டும் எடுங்கம்மா. வேலை வேணும்ல?"

வேணும். கொட்டிவாக்கத்தில் நான் இருந்த பள்ளியில், துறைத் தலைவர் போர்டில் எழுதியதைப் பிள்ளைகள் முன்னாலேயே திருத்தினேன். அடுத்த மாதம் நான் அங்கே இல்லை. அதற்கு முந்தைய வேலையும் ஏறக்குறைய அதே கதைதான். இது மூன்றாவது. இதுவும் போனால், பட்டினப்பாக்கத்தில் அம்மாவின் மீன் கூடைக்குப் பக்கத்தில் எம்.எஸ்சி. சான்றிதழை விரித்து, அதன் மேல் உட்கார வேண்டியதுதான்.

சாந்தோமில் நோராவைப் பிடித்தேன். கல்லூரியில் என் பக்கத்து மேஜைக்காரி, இப்போது ஒரு பள்ளியின் லேப் அசிஸ்டென்ட்.

"பொட்டாசியம் குளோரைடு பதினஞ்சு கிராம், ஒரு தெர்மாமீட்டர், ரெண்டு தெர்மாகோல் டம்ளர். குடு."

"எதுக்குடீ?"

சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "வாய மூடிக்கினு வேலைய வாங்கு லாவண்யா. உள்ள போனப்புறம் சண்டை போடு. உன்னால ஒரு நாள் பல்லைக் கடிச்சிக்கினு இருக்க முடியாதா?"

"பேச மாட்டேன். தண்ணிதான் பேசப்போவுது."

"மாதா, இவளக் காப்பாத்து," என்றபடியே தராசை இழுத்து வைத்தாள். பதினைந்து கிராம் நிறுத்துப் பொட்டலம் கட்டினாள். கட்டும்போது சிரித்துக்கொண்டேதான் கட்டினாள்.

வீட்டில், நோரா தனியாக மடித்துத் தந்திருந்த ஒரு சிட்டிகையைக் கொஞ்சம் குடத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி, உப்பு போட்டா தண்ணி சில்லுனு ஆவும். இத்தப் படிக்கவா காலேஜ் போன? ஐஸ்ல கல்லுப்பு போட்டா மீனு கல்லு மாறி ஆவுதே, எனக்குத் தெரியாதா?"

"அது வேறம்மா. அங்க ஐஸு உருகுது. உருகறதுக்கு வேண்டிய சூட்டைத்தான் பக்கத்துல இருந்து புடுங்குது. இங்க ஐஸே கிடையாது."

"எதுவா இருந்தா இன்னா, சில்லுனு கீதா இல்லியா? போய் வேலைய வாங்கினு வா."

மறுநாள் ஐந்து மணி. முப்பத்தாறு பிள்ளைகள், இரண்டு ஏசியில் ஒன்று ஓடவில்லை. கடைசி பெஞ்சில் புகழேந்தி சார், மடியில் நோட்ஸ், சட்டைப் பையில் சிவப்புப் பேனா.

அவர் சொன்னபடியே நோட்ஸில் இருப்பதை மட்டும் எடுத்தேன். போர்டில் எழுதினேன். பொட்டாசியம் குளோரைடு. படிகக்கூடு என்தால்பி: மைனஸ் எழுநூற்றொன்று. நீரேற்ற என்தால்பி: மைனஸ் அறுநூற்று எண்பத்து நான்கு. இரண்டையும் கூட்டினால்?

"மைனஸ் ஆயிரத்து முந்நூத்து எண்பத்தஞ்சு, மிஸ்!" ஒரே குரல். மனப்பாடம்.

"மைனஸ்னா?"

"வெப்பம் வெளியே வரும்!"

"எவ்ளோ உப்புக்கு?"

"ஒரு மோலுக்கு. அத்தனை கிலோ ஜூல்."

"சரி. என்கிட்ட பதினஞ்சு கிராம் இருக்கு. ஒரு மோல்ல அஞ்சுல ஒரு பங்கு. இந்த டம்ளர்ல நூறு மில்லி தண்ணி, முப்பது டிகிரி. இதுல போட்டா என்ன ஆகும்? கணக்குப் போடுங்க."

பேனாக்கள் ஓடின. முன் பெஞ்சில் ஆஸ்வின் என்று ஒருவன் முதலில் தலை நிமிர்ந்தான். எழுதியதை இன்னொரு தடவை பார்த்தான்.

"மிஸ், இருநூத்து எழுபத்தேழு கிலோ ஜூல் வருது. தண்ணி கொதிக்கறதுக்கு முப்பதுகூட வேணாம்."

"மீதி?"

"மீதியில..." அவன் குரல் இறங்கியது. "மீதியில எல்லாத் தண்ணியும் ஆவியாயிடும் மிஸ். அதுக்கப்புறமும் மிச்சம் இருக்கு."

"நல்லது. போடப்போறேன்," என்று பொட்டலத்தைப் பிரித்தேன்.

முன் பெஞ்ச் மொத்தமும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தது. ஒரு பெண் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "மிஸ், ஏசி மேல பட்டுறப் போவுது!" என்று ஒரு குரல். "ஓடாத ஏசி மேலதானே மச்சி, படட்டும்," என்று இன்னொன்று. கடைசி பெஞ்சில் சார் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

போட்டேன். கலக்கினேன். வெடிக்கவில்லை.

"ஆஸ்வின், வா. படி."

டம்ளரை எட்ட நின்றே பார்த்தான். பிறகு கிட்ட வந்தான். "இருபத்தெட்டு... இருபத்தாறு... மிஸ், இறங்குது!"

"இறங்கட்டும். நீ படி."

"இருபத்து நாலு. இருபத்து மூணு. நின்னுடுச்சு." விரலால் டம்ளரின் ஓரத்தைத் தொட்டான். "ஐயோ, சில்லுனு இருக்கு மிஸ்!"

அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இல்லை. எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒவ்வொரு விரலும் டம்ளருக்குள் நுழைய வேண்டும் என்று அடம். மூன்றாம் பெஞ்சில் ஒரு பெண் மட்டும் அசையவில்லை. கையைத் தூக்கியிருந்தாள்.

"பேர் என்ன?"

"ஆயத், மிஸ். போன டெஸ்ட்ல நான் ப்ளஸ் பதினேழுன்னு போட்டேன். ஸ்கூல் புக்ல அப்படித்தான் வந்துது. இங்க முட்டை போட்டுட்டாங்க."

வகுப்பு திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. நானும் பார்த்தேன். நோரா சொன்னது காதில் விழுந்தது. பல்லைக் கடித்தேன். ஒரு நொடிதான் கடிக்க முடிந்தது.

"எந்திரிச்சு வா ஆயத். நீதான் சரி. ஏன் சரின்னு இப்ப பார்ப்போம்."

அழிப்பானை எடுத்தேன். "ரங்கநாதன் தெருவுல தீபாவளிக் கூட்டம். ஒரு அக்கா, ஒரு தங்கச்சி, கையைப் பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. அக்கா பொட்டாசியம், தங்கச்சி குளோரைடு. அந்தக் கையைப் பிரிக்கறது சுலபமா?"

"சான்சே இல்ல மிஸ்!"

"அப்ப பிரிக்க ஆற்றல் செலவாகும். அதுதான் படிகக்கூடு என்தால்பி. மோலுக்கு எழுநூத்தி ஒண்ணு, உள்ளே போகுது. அதனால ப்ளஸ். பிரிஞ்சதும் கடைக்காரங்க சும்மா விடுவாங்களா? அக்காவைச் சுத்தி அஞ்சாறு பேர், தங்கச்சியைச் சுத்தி அஞ்சாறு பேர். அவங்கதான் தண்ணி மூலக்கூறுகள். பொட்டாசியத்துக்கு நேர் மின்சுமை. அதைப் பாத்துத் தண்ணி தன் ஆக்சிஜன் பக்கத்தைத் திருப்பும். குளோரைடு பக்கம் ஹைட்ரஜனைத் திருப்பும். அப்படி ஒட்டிக்கறப்போ ஆற்றல் வெளியே வரும். அதுதான் நீரேற்ற என்தால்பி. அறுநூத்து எண்பத்து நாலு, மைனஸ். கூட்டு."

"ப்ளஸ் பதினேழு," என்றாள் ஆயத், எல்லாரையும் முந்திக்கொண்டு.

"உடைக்க ஆன செலவு பெருசு, ஒட்டினதுல கிடைச்சது கொஞ்சம் சிறுசு. அந்தப் பதினேழை யார் குடுத்தா? வேற ஆளே இல்ல, தண்ணிதான் குடுத்துச்சு. தன்கிட்ட இருந்த சூட்டைக் குடுத்துட்டு, தான் குளிர்ந்து போச்சு."

"அப்ப எல்லா உப்பும் சில்லுனு ஆகுமா மிஸ்?" ஆஸ்வின்.

"ஆகாது. நம்ம சாப்பாட்டு உப்பு எழுநூத்து எண்பத்தெட்டு செலவு, எழுநூத்து எண்பத்து நாலு வரவு. வெறும் நாலு. நாக்குக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. கால்சியம் குளோரைடுல கால்சியத்துக்கு ரெண்டு மின்சுமை. படிகமும் கெட்டி, ஆனா தண்ணி அதை இன்னும் வெறியா கட்டிப் பிடிக்கும். வரவு செலவைத் தாண்டிடும். டம்ளர் சுடும்."

"மிஸ், ஒரு டவுட்." மறுபடி ஆயத். "நஷ்டம்னு தெரிஞ்சும் உப்பு ஏன் கரையணும்?"

இந்தக் கேள்விக்காகவே எத்தனை வேலையை வேண்டுமானாலும் விடலாம் என்று தோன்றியது.

"வெப்பம் மட்டுமே முடிவு பண்றதில்ல. படிகத்துல ஒவ்வொருத்தரும் வரிசையா, அசையாம நிக்கணும். தண்ணிக்குள்ள வந்தா இஷ்டத்துக்குத் திரியலாம். சிதறிப் பரவறதுக்கு வழி எக்கச்சக்கம். அந்தச் சிதறல் இந்தச் சின்ன நஷ்டத்தை ஈடு கட்டிடுது. நீங்க பெஞ்ச விட்டு இங்க வந்து நிக்கறீங்களே, யாரு சொல்லி வந்தீங்க?"

சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு நடுவில் கூட்டம் விலகியது. புகழேந்தி சார் வந்து நின்றார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. போச்சு, மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன்.

அவர் சட்டைக் கையை மடித்தார். விரலை டம்ளருக்குள் விட்டார். வைத்திருந்தார்.

"சில்லுனுதான் இருக்கு," என்றார்.

சிவப்புப் பேனாவை எடுத்தார். தன்னுடைய நோட்ஸில் பக்கம் இருபத்து மூன்றைத் திறந்து, எழுநூற்றொன்றுக்கு முன்னால் இருந்த மைனஸின் குறுக்கே நேராக ஒரு கோடு இழுத்தார். மைனஸ் ப்ளஸ் ஆனது. ஆயிரத்து முந்நூற்று எண்பத்தைந்தை அடித்துப் பதினேழு என்று எழுதினார். பன்னிரண்டு வருடத்துத் தப்பைத் திருத்த நாலு நொடி.

"ஆயத், உன் டெஸ்ட் பேப்பரைக் கொண்டா," என்றார். அவள் பையில்தான் வைத்திருந்தாள். மடித்து மடித்து நைந்திருந்தது.

முப்பத்தாறு பேனாக்கள் முப்பத்தாறு மைனஸ்களின் மேல் கோடு போட்டன. யாரோ விசில் அடித்தார்கள். சார் அதட்டவில்லை.

"லாவண்யா," என்றார் தணிந்த குரலில். "இதை என் ரூம்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன் சார்."

"ஆமா. சொன்னீங்க." நோட்ஸைப் புரட்டினார். "வேற எங்கயாவது இருக்கா?"

நோரா இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாள்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் சார்."

வகுப்பே கூரை பிளக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். "நாளைக்கு அஞ்சு மணி பேட்ச் உங்களுது," என்றார். "நாப்பத்தொண்ணுல இருந்தே ஆரம்பிங்க. அந்த டம்ளரையும் கொண்டு வாங்க."