நசுங்கிய இறால் பெட்டி

கணினித் திரையைப் பார்த்த பிலோமினாவுக்குக் கையில் இருந்த தேநீர் தளும்பிச் சேலையில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை.

"என்னங்க, பதில் வந்திருக்கு!"

அட்டை வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அவள் கணவன் இனிகோ ஓடி வந்தான். மில்லர்புரத்து வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நடந்த அவர்களது அட்டைப்பெட்டிப் பட்டறைக்கு ஒரே ஒரு பெரிய வாடிக்கையாளர் இருந்தார். அவரும் போன மாதம் கைவிட்டுவிட்டார். அதன் பிறகு இனிகோ ஊரிலுள்ள கம்பெனிகளுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினான். 'நாங்கள் முன்னணி உற்பத்தியாளர்கள்' என்று தொடங்கி, கனமான படப் புத்தகம் ஒன்றையும் இணைத்து அனுப்பினான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொட்டகைல மழை ஒழுகுது, நாம முன்னணியாம்!" என்று சிரித்த பிலோமினா, நேற்று தானே ஒன்று எழுதினாள். இறால் ஏற்றுமதிக் கம்பெனியின் கொள்முதல் மேலாளர் வன்னியபெருமாளின் சொந்த முகவரிக்கே அனுப்பினாள். இணைப்பு எதுவும் இல்லை. தலைப்பு: 'உங்கள் இறால் பெட்டியின் பக்கம் நசுங்குவது பற்றி.'

'ஐயா, உங்கள் பெட்டிகள் அடி வரிசையில் நசுங்குகின்றன. அட்டைக்குள் இருக்கும் நெளிவு பக்கச் சுவரில் நின்ற வாக்கில் இருந்தால்தான் பாரம் தாங்கும். உங்கள் பெட்டியில் அது படுத்த வாக்கில் இருக்கிறது. நிற்க வைத்துச் செய்த பத்துப் பெட்டிகளை இலவசமாகத் தருகிறோம். உங்கள் குளிர்கிடங்கில் அடி வரிசையில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். நாங்கள் சிறிய பட்டறை. வாரத்துக்கு இரண்டாயிரம் பெட்டிக்கு மேல் முடியாது. மாதிரிகளை வியாழக்கிழமை கொண்டு வரலாமா?'

அதற்கு வந்த பதிலைத்தான் இனிகோ வாய்விட்டு வாசித்தான்.

'எங்கள் கிடங்கு அறிக்கைப்படி ஒரு பெட்டியும் நசுங்கவில்லை. உங்களுக்கு இதை யார் சொன்னது?'

அவன் முகம் வெளுத்தது. "ஏளா, ரோச் அங்கனதான வேலை பாக்கான்?"

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. தம்பி ரோச் அதே குளிர்கிடங்கில்தான் பெட்டி அடுக்குகிறான். அவள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பழைய அட்டை வாங்கும் முப்பிடாதி அண்ணாச்சி கடையில் அந்தக் கம்பெனிப் பெயர் போட்ட நசுங்கிய பெட்டிகள் கிடந்தன. ஒன்றைப் பிரித்துப் பார்த்தாள். அவ்வளவுதான். ஆனால் யார் நம்புவார்கள்?

ரோச்சைத் தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தப் பெட்டிய வண்டில ஏத்தி அண்ணாச்சி கடைல போட்டதே நான்தான்க்கா. சூப்பர்வைசர் சொன்னாரு, செஞ்சேன். நீ ஒண்ணும் எழுதாத. எனக்கு வேலை போயிரும்."

"மாதாவே!" பிலோமினா அப்படியே அட்டைக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆர்டரும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்" என்றான் இனிகோ. "பேசாம விட்டுரு."

"விட்டா அவன்தான் சொன்னான்னு முடிவு பண்ணிருவாங்க. காட்டிக் குடுத்தவன்னு பேரு வாங்கணுமா என் தம்பி?"

எழுந்து போய்க் கணினியில் தட்டினாள். 'ஐயா, பெட்டியை முப்பிடாதி அண்ணாச்சியின் பழைய அட்டைக் கடையில் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. என் தம்பி ரோச் உங்கள் கிடங்கில் வேலை செய்கிறான். முதலிலேயே அதைச் சொல்லாதது என் தவறு. அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்கு ஆர்டர் தராவிட்டாலும் பரவாயில்லை.'

அனுப்பிவிட்டாள். இனிகோ மெல்ல அவள் தோளில் கை வைத்தான்.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. வன்னியபெருமாளே பேசினார்.

"ஏம்மா, அந்தக் கடைக்கு நானே போய்ப் பாத்துட்டுத்தான் வாரேன். அத்தனையும் எங்க பெட்டி."

"சார், என் தம்பி..."

"உன் தம்பி கிடக்கட்டும். நெளிவைப் படுக்கப் போட்டா அட்டை மிச்சம், வெலை கொறையும்னு அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா? நான்தான்."

பிலோமினா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குக் கோவம் வருமுன்னு கிடங்குல அம்புட்டு பேரும் நசுங்குனத மறைச்சுட்டானுவ. முகந்தெரியாத நீ ஒருத்தி வந்து சொல்லுத. சூப்பர்வைசர்ட்ட நான் பேசிக்கிடுதேன். உன் தம்பி வேலைக்கு ஒண்ணும் ஆகாது. வியாழக்கிழம மாதிரியோட வா. ஆனா ஒண்ணு, அத அடுக்குறது உன் தம்பி இல்ல, நான். நசுங்குனா நசுங்குச்சுன்னுதான் எழுதுவேன்."

"சரி சார்" என்பதற்குள் அவர் வைத்துவிட்டார்.

"என்ன சொல்லுதாரு?" என்று இனிகோ உலுக்கினான். "வியாழக்கிழம மாதிரியோட வரச் சொல்லுதாரு" என்றாள். நேரே போய் அட்டை வெட்டும் இயந்திரத்தைப் போட்டாள்.