மூன்றாவது டப்பி

வரும் வெள்ளிக்கிழமை மகளுக்கு வளைகாப்பு. முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். அதற்குள் இருமலுக்கு ஒரு பதில் வேண்டுமென்றுதான் சரசு அம்மாள் அடி அண்ணாமலையிலிருந்து எங்கள் காசநோய்ப் பிரிவுக்கு வந்திருந்தார். அது 2004. நான் ஆய்வகத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

டாக்டர் அருணகிரி எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டினார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளைக் கோடுகள். மூச்சுக்குழாய் அந்தப் பக்கமாகச் சற்று இழுபட்டிருந்தது. கோடுகளுக்கு நடுவே வளையல் போல ஒரு வட்டம்.

"கிழிஞ்ச துணிய இழுத்துத் தைச்சா சுருங்குமில்ல, அந்தத் தழும்புதான் இது. தொண்ணூத்தொண்ணுல உங்களுக்கு டி.பி. வந்துதுன்னு சொன்னீங்களே, அப்ப வந்ததா இருக்கலாம். இந்த வட்டம் ஓட்டை."

"அப்ப மறுபடியும் அதான்னு சொல்றீங்களா சார்?"

"அப்படித்தான் சந்தேகம். ஆனா ஆறிப்போன பழைய ஓட்டையும் இப்படித்தான் தெரியும். வேற நோயிலயும் வரும். படம் சந்தேகத்தச் சொல்லும், கிருமியக் காட்டாது. அந்தப் பழைய படம் இருந்தா ஒப்பிட்டுப் பாக்கலாம்."

"கிரகணத்தன்னைக்குப் பசங்க அத வெட்டி சூரியனப் பாத்துட்டாங்க சார்."

டாக்டர் சிரித்தார். "சரி. சளி சொல்லட்டும்."

அன்றைக்கே ஒன்று, மறுநாள் விடியற்காலை வீட்டில் ஒன்று, அதைக் கொண்டுவரும்போது ஒன்று. மூன்று டப்பி சளி வேண்டும். ஆய்வகத்துக்குப் பின்னால் திறந்த வெளி. "ஜன்னலுக்கு முதுகு காட்டி, அந்தப் பக்கம் பாத்து நின்னு துப்புங்கம்மா" என்று முதல் டப்பியைக் கொடுத்தேன்.

திரும்பி வந்த டப்பியில் நுரைத்த எச்சில்தான் இருந்தது. சொல்ல வாய் வரவில்லை. அம்மா வயதுப் பெண்ணிடம், இது சளி இல்லை, இன்னும் காறித் துப்புங்கள் என்று எப்படிச் சொல்வது? சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். நூறு இடம் தேடியும் கிருமி இல்லை. மறுநாள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததும் அதே எச்சில்தான். அதிலும் இல்லை.

"இல்லன்னுட்டா வெள்ளிக்கிழமையே கூட்டியாந்துடுவேன் பாப்பா" என்றார் சரசு அம்மாள். முகத்தில் அவ்வளவு நிம்மதி. அடுத்த நொடி இருமினார். அடிவயிற்றிலிருந்து எழுந்த ஈர இருமல். இத்தனை சளி உள்ளே இருக்க, டப்பியில் மட்டும் ஏன் இல்லை?

மூன்றாவது டப்பியோடு அவர் பின்வாசலுக்குப் போனதும் நானும் போனேன். அவர் நான் சொன்ன பக்கம் பார்த்து நின்றிருந்தார். எதிரே அண்ணாமலையார் மலை. டப்பியைப் பிடித்த கை தாழ்ந்திருந்தது.

"ஏம்மா துப்பல?"

"எப்படித் துப்பறது பாப்பா? அப்பன் எதிர்ல நிக்கறாரு."

"வீட்டுலயும்..."

"வாசல்ல வந்தா அங்கயும் அவருதான. அடுப்பங்கரையில சத்தமில்லாம வாய் கொப்புளிச்சாப்ல எடுத்தேன்."

எனக்குக் காது சுட்டது. அந்தப் பக்கம் பார்க்கச் சொன்னது நான்தான்.

"முதல் ரெண்டும் எச்சில்தாம்மா. நான் அப்பவே சொல்லியிருக்கணும். அதுல கிருமி இல்லன்னு வந்தத நம்ப முடியாது."

அவரைத் தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் புறம் அழைத்துப்போய்க் கிழக்கே திருப்பி நிறுத்தினேன். எதிரே பஸ் ஸ்டாண்டு தெரிந்தது.

"கண்டக்டருங்க மேல துப்பச் சொல்றியா?"

"அவங்க கோச்சிக்க மாட்டாங்க. மூச்ச நல்லா இழுத்து விடுங்க, மூணு வாட்டி. அப்புறம் வயித்துலேர்ந்து இருமுங்க."

காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றுகொண்டேன். இந்த முறை டப்பியில் விழுந்தது கெட்டியான மஞ்சள் சளி.

நுண்ணோக்கியில் நீலத் தரையில் சிவப்புக் குச்சிகளாகக் கிருமிகள். எண்ணத் தேவையில்லாத அளவுக்கு இருந்தன. ஒரே ஒரு டப்பி போதாது என்று டாக்டர் இன்னும் இரண்டு எடுக்கச் சொன்னார். அவற்றிலும் இருந்தன.

சரசு அம்மாள் வளைகாப்புக்குப் போகவில்லை. மகளின் பிரசவம் மாமியார் வீட்டில் என்று முடிவாயிற்று. "நீ சொல்லாம விட்டிருந்தா கொழந்தைக்கும் இந்த நோயக் குடுத்திருப்பேனே" என்றார் ஒருநாள், ஊசி போட்டுக்கொண்ட இடத்தைத் தேய்த்தபடி. வாரம் மூன்று நாள் வந்து எங்கள் கண் முன்னே மாத்திரை விழுங்கினார். ஒரு நாளும் தவறவில்லை.

மூன்றாம் மாத முடிவில் சளிப் பரிசோதனை. அதற்குள் பேரன் பிறந்து பதினெட்டு நாள். டப்பியை வாங்கிக்கொண்டு தானே தொட்டிக்கு அப்பால் போனார். வெகுநேரம் கழித்து அடியில் துளியளவோடு திரும்பினார்.

"பஸ் ஸ்டாண்டப் பாத்து நின்னு எவ்ளோ இருமியும் இவ்ளோதான் பாப்பா வருது."

தேறியதை எடுத்து ஸ்லைடில் தேய்த்தேன். நூறு இடம் பார்த்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மறுநாள் காலைச் சளியையும் அப்படியே. நீலம் மட்டும்தான். எக்ஸ்ரேயில் அந்தத் தழும்பு இனியும் இருக்கும், மாத்திரையை எட்டு மாதமும் விடக்கூடாது என்று டாக்டர் சொன்னார். பிறகு, "போய்ப் பேரனப் பாருங்க" என்றார்.

வாசலுக்கு வந்ததும் சரசு அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு திரும்பி, பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஒரு கும்பிடு போட்டார்.