மஞ்சள் தடவிய நன்றிக் கடிதம்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். சிங்கப்பூர்ச் செம்பவாங்கில் கடற்படைத் தளத்து ஆட்களுக்கு ஆயுள் முழுக்கத் தேநீர் ஆற்றிய இந்த வலக்கையை நெஞ்சில் வைத்துச் சொல்கிறேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை.

என் கடைக்குப் பக்கத்தில்தான் கம்பத்துச் சங்கத்தின் தகரக் கொட்டகை. மலாயில் கிராமத்துக்குக் கம்பம் என்று பேர். அதில் மாலைதோறும் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் சந்திரமதி டீச்சர். சண்டைக்கு முன்பே தொடங்கியவர். ஜப்பான்காரன் காலத்தில் மட்டும் நிறுத்தினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "சுருதி சேரலை" என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவார். அவருடைய ஆர்மோனியத்துக்குள் ஒரு வெள்ளக் காலத்தில் நண்டு ஒன்று புகுந்து மத்திமக் கட்டைக்குக் கீழே குடியேறிவிட்டது. பிள்ளைகள் மத்திமத்தைச் சரியாகப் பிடித்தால் பேசாமல் இருக்கும். தவறினால் வெளியே வந்து முறைக்கும். தளத்தில் வேலை முடிந்ததும் ஊதுகிற சங்கு தன் சுருதிக்கு அரைக்கட்டை இறங்கியிருக்கிறது என்று டீச்சர் ஒருமுறை வெள்ளைக்கார அதிகாரிக்குச் சொல்லியனுப்பினார். மறுநாளே ஒருவன் திருப்புளியோடு ஏறி அதைச் சரிசெய்தான். நான் பார்த்தேன்.

ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் இந்த விளையாட்டெல்லாம் கிடையாது. முதல் மாதம் முழுக்க ஒரே ஒரு ஸட்ஜம். ஆர்மோனியம் பிடித்துக்கொடுக்கிற ஸ-வில் குரல் போய் ஒட்டி, இரண்டும் ஒன்றாகி, எது பெட்டி எது பிள்ளை என்று தெரியாமல் போகிறவரை அதே ஸ. பிறகு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலத்திலும். ஆதி தாளத்தைக் கையில் போடாமல் வாய் திறக்கக் கூடாது: ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. பாட்டு நின்றாலும் கை நிற்கக் கூடாது. "வாய் பொய் சொல்லும், கை சொல்லாது" என்பார். அதற்குப் பிறகு ஜண்டை வரிசை. பெரும்பாலான பிள்ளைகள் அத்தோடு வளர்ந்து, தளத்தில் வேலைக்குச் சேர்ந்து, பாட்டை மறந்துவிடுவார்கள்.

அறுபத்தொன்றாம் ஆண்டில் இதுதான் வினையாக வந்தது. சங்கத் தலைவர் துரைசாமி, தளத்தில் பெயிண்டர்களுக்கு மேஸ்திரி. நல்ல மனிதர்தான். நல்ல கனத்த குரல். அதைக் கேட்பதில் அவருக்கே ஒரு பிரியம். கொட்டகையில் பூப்பந்து ஆடலாம் என்று இளவட்டங்கள் கேட்டதும் அவருக்கு ஆசை வந்துவிட்டது. கடைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு டீச்சரிடமே கேட்டார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. இத்தனை வருசத்துல ரேடியோவுல பாடுன ஒரு ஆளக் காட்டுங்க. கோயில் திருவிழாவுல மேடை ஏறுன ஒருத்தனக் காட்டுங்க. ஒரே ஒருத்தன் போதும்லா."

டீச்சர் தேநீரை முழுசாகக் குடித்து முடித்தார். "இல்லையே, தலைவரே."

"அப்ப ஞாயித்துக்கிழமை கூட்டத்துல ஓட்டுக்கு விட்டுடறேன்."

"விடுங்க."

டீச்சர் எழுந்து போன விதத்தை நான் பார்த்தேன். நிமிர்ந்துதான் போனார். ஆனால் கொட்டகைக் கதவை இரண்டு தடவை பூட்டினார், ஒரே பூட்டுதான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்தக் கடிதம் வந்தது. கம்பத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது என்பதால் தபால்காரர் எல்லாவற்றையும் என் கடையில் போட்டுவிட்டுப் போவார். நீள உறை. 'பாட்டு டீச்சர் சந்திரமதி அவர்கள்' என்று தடித்த எழுத்து. நான்கு மூலையிலும் மஞ்சள்! தடவிய விரல் ரேகைகூடத் தெரிந்தது.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிற ஹலீமாக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். "அடி ஆத்தே! இது கல்யாணக் கடுதாசில?"

"யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"யாரு பேரு எழுதியிருக்கு? அவுகளுக்குத்தான். கடைசில சுருதி சேந்துருச்சு போல!"

ஹலீமாக்காவிடம் நாசி லெமாக் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும், செய்தி தீராது. மத்தியானத்துக்குள் மாப்பிள்ளை பினாங்கில் மனைவியை இழந்தவராகியிருந்தார். சாயங்காலம் ரங்கூன் அரிசி வியாபாரி ஆனார். இருட்டுவதற்குள் அவரிடம் யானை இருந்தது. டீச்சர் வந்து கடிதத்தை வாங்கி, கடை வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், காசு கொடுக்காமல் ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போனார். வாழ்நாளில் அவர் அப்படிச் செய்ததே இல்லை. எங்களுக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

துரைசாமிக்குப் பெரிய நிம்மதி. கல்யாணமாகிப் போகிறவரை யாரும் துரத்தியதாக ஆகாது. ஓட்டெடுப்புக்கு முன்னால் வழியனுப்பு விழா என்று அவரே திட்டம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிறைந்திருந்தது. தளத்து ஆட்கள், அவர்கள் பெண்டாட்டிமார், பூப்பந்து மட்டையோடு இளவட்டங்கள். அங்கே இருந்தவர்களில் பாதிப்பேர் டீச்சரிடம் படித்து மறந்தவர்கள். துரைசாமி எழுந்து, டீச்சர் இல்லற வாழ்வில் பதினாறு செல்வங்களும் பெற வேண்டும் என்று தொடங்கி வெகுநேரம் வாழ்த்தினார். டீச்சர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாருடைய வாழ்த்தையோ கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை யாருன்னு சபைக்குத் தெரிய வேணாமா டீச்சர்?" என்றார் துரைசாமி.

"இபுறாகீமு."

ஹலீமாக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"உங்க குரல்தான் நல்லா இருக்கு, தலைவரே. நீங்களே படிச்சுக் காட்டுங்க" என்று டீச்சர் கடிதத்தை நீட்டினார்.

துரைசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"மதிப்பிற்குரிய டீச்சர் அவர்களுக்கு, தங்கள் பழைய மாணவன் இப்ராஹீம் தேக்காவிலிருந்து எழுதிக்கொள்வது. நலம். தங்கள் நலம் அறிய ஆவல். நான் இங்கே மார்க்கெட்டில் மீன் விற்கிறேன். என்னைத் தங்களுக்கு ஞாபகம் இருக்காது. மூன்று வருஷம் படித்தும் ஜண்டை வரிசை தாண்டாதவன். எனக்குத் திக்குவாய். வகுப்பில் சேர்ந்த முதல் நாள் பெயர் கேட்டீர்கள். இ, இ, இ என்று நின்றேன். பிள்ளைகள் சிரிப்பதற்கு முன்னால் தாங்கள் ஆர்மோனியத்தைச் சத்தமாக அழுத்தினீர்கள். மறுநாளிலிருந்து, இந்தக் கொட்டகையில் பேச்சுக் கிடையாது, ஆஜர் சொல்வதும் தாளம் போட்டு ஸட்ஜத்தில்தான் என்று எல்லாருக்கும் சட்டம் போட்டீர்கள். எல்லாரும் பெயரைப் பாடினார்கள். நானும் பாடினேன். திக்கவில்லை. அது எனக்காகப் போட்ட சட்டம் என்று அன்று எனக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது."

துரைசாமியின் கனத்த குரல் இங்கே கொஞ்சம் மெலிந்தது. பின் வரிசையில் ஒரு கிரேன்காரர் பக்கத்து ஆளைப் பார்த்தார். அந்த ஆள் தரையைப் பார்த்தார். அந்தச் சட்டம் டீச்சருடைய கிறுக்குகளில் ஒன்று என்றுதான் இத்தனை வருஷமாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

"ம், படிங்க" என்றார் டீச்சர்.

"போன வெள்ளிக்கிழமை எனக்கு நிக்காஹ். ஒப்புக்கொண்டேன் என்று சபை நடுவே மாப்பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். பெண் வீட்டாருக்கு என் குறை தெரியாது. ஒரு வாரம் தூங்கவில்லை. ஆலிம் கேட்டபோது தொடையில் கை வைத்தேன். தட்டு, மூன்று விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதல் ஆவர்த்தனத்தில் மூச்சு எடுத்தேன். இரண்டாவதில் சொன்னேன். ஒரே சொல்லாக வந்தது டீச்சர். என் மாமனார், நல்ல கணீரென்ற குரல், யாரிடம் படித்தாய் என்றார். தங்கள் பெயரைச் சொன்னேன். அதுவும் திக்கவில்லை. தங்களிடம் ஒன்றும் கேட்டு எழுதவில்லை. சொல்ல வேண்டும் என்றுதான் எழுதினேன். பெரியவர்களுக்கு மங்களமாக எழுதும் கடிதத்துக்கு மூலையில் மஞ்சள் தடவ வேண்டும் என்று பக்கத்து மசாலாக் கடை அண்ணன் தடவிக் கொடுத்தார். தவறு இருந்தால் மன்னிக்கவும்."

துரைசாமி கடிதத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. மறுபடி பிரித்து மடித்தார். "டீச்சர், இத நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நேத்து ஊரே சந்தோசமா இருந்துச்சு. எதுக்குக் கெடுக்கணும்? அந்த யானை விசயம் எனக்கே பிடிச்சிருந்துச்சு." பிறகு கொஞ்சம் நிதானித்து, "நீங்க கேட்டது ரேடியோவுல பாடுனவன. அவன் இல்லதான். ஓட்டெடுங்க" என்றார்.

செயலாளர் பெயர்ப் பட்டியலை எடுத்தார். கொட்டகை யாருக்கு என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். முதலில் கூப்பிட்டது அந்தக் கிரேன்காரரை. அவர் எழுந்தார். பாட்டுக்கு என்றும் சொல்லவில்லை, பந்துக்கு என்றும் சொல்லவில்லை. கையை எடுத்துத் தொடையில் ஒரு தட்டு, மூன்று விரல். தன் பெயரை ஸட்ஜத்தில் பாடினார். அடுத்தவர் எழுந்து பாடினார். பிறகு அவர் மனைவி. இதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று செயலாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். மட்டை வைத்திருந்த பையன்களில் இருவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை விடுவித்தார்கள். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு குரலையும் உள்ளங்கையில் வாங்கி வைப்பதுபோல உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் அன்று இருந்த பெருமையை எந்த மேடைக்காரர் முகத்திலும் நான் பார்த்ததில்லை.

கடைசியில் துரைசாமியின் முறை. அவர் டீச்சரிடம் படித்தவர் இல்லை. இருந்தாலும் எழுந்தார், பெயிண்ட் படிந்த கையால் தாளம் போட்டு, அந்தக் கனத்த குரலில், "து... ரை... சா... மி..." என்று இழுத்தார்.

டீச்சர் நிமிர்ந்தார். "இறங்கியிருக்கு, தலைவரே. மறுபடியும்."

மறுபடியும் பாடினார். "இன்னும் இறக்கம்." மறுபடியும். யாரும் சிரிக்கவில்லை. ஓட்டை எண்ணச் செயலாளருக்கு வழியில்லை, தலைவர் முடித்தால்தானே. வெளியே இருட்டத் தொடங்கியது. ஒருவர் எழுந்து விளக்கைப் போட்டார். துரைசாமி சட்டை நனைய நின்றுகொண்டு ஸட்ஜத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கொட்டகை முழுவதும் அவருக்காகத் தொடையில் தாளம் போட்டது. தகரக் கூரைக்கு அடியில் அத்தனை உள்ளங்கைகள். அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போட்ட வாரத்திலிருந்து எனக்கு இரண்டு காதும் கேட்காது.